சிறு துளி பெரு வெள்ளம்

இந்தப் பழமொழியைச் சொன்னதும் எல்லாருக்கும் உண்டியல்தான் நினைவுக்கு வரும். சின்ன வகுப்பிலிருந்தே அப்படித்தான் படித்து வருகிறோம். சேமிப்பு நல்லது என்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் பழமொழி பேசுவது காசைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் வாழும் நாங்கள் அதைத் தண்ணீரிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம். அப்படிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிய வரும். துளிகள் விழுந்தால் மட்டும் வெள்ளம் வந்துவிடாது. விழுந்த துளியை மறித்து வைக்க ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

எங்கள் குடாநாட்டுக்கு ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியாக மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகளில் அள்ளுவது அந்த நன்னீரைத்தான். மாரியில் இறங்கியதைவிடக் கோடையில் கூடுதலாக இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். நேற்றுவரை நன்னீராக இருந்த கிணறு உவர்ப்பாகிவிட்டது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறும் கடைசியில் அராலிப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. தடுப்பணையும் குளமும் இல்லாவிட்டால் மழை எவ்வளவு பெய்தும் பலன் குறைவுதான். அதனால்தான் எங்கள் முன்னோர் ஊருக்கு ஊர் குளமும் கேணியும் வெட்டினார்கள். தோட்டத்துக்கு வரம்பு கட்டினார்கள். இன்று அந்தக் குளங்களில் சில குப்பை கொட்டும் இடமாகக் கிடக்கின்றன. அதைப் பார்க்கும்போது இந்தப் பழமொழியைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது நூறு லீற்றர் தண்ணீர். ஆயிரம் மில்லிமீற்றர் பெய்தால் ஒரு இலட்சம் லீற்றர். அதில் பாதியைப் பீலி வைத்துத் தொட்டியிலோ கிணற்றடிக் குழியிலோ இறக்கினால்கூட ஐம்பதாயிரம் லீற்றர் எங்கள் நிலத்திலேயே நிற்கும். இனி மறுபக்கத்தையும் பார்க்கலாம். வினாடிக்கு ஒரு துளி என்று ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு நாலு லீற்றருக்கு மேல் வீணாக்கும். ஆண்டு முடிவில் அது ஆயிரத்து ஐந்நூறு லீற்றரைத் தாண்டும். கூரையில் வரும் துளியை நாம் கவனிப்பதில்லை. குழாயில் போகும் துளியையும் கவனிப்பதில்லை.

மனிதர் சேர்ப்பதற்கு எங்கள் ஊரில் பழைய உதாரணம் பிடியரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்கள். மாதம் முடிய அது கோயிலுக்கோ மடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பட்டினி வந்திருக்காது. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்தபோது பல பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அது உதவியது. இங்கே மறித்து வைத்தது அந்தத் தனிப்பானை. ‘மிஞ்சினால் தருகிறோம்’ என்று இருந்திருந்தால் ஒன்றும் சேர்ந்திருக்காது.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் கதையும் இப்படித்தான். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்த புத்தகங்களை அயலவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய நூலகம். அடுத்த ஆண்டு ஒரு வாடகை அறைக்கு வந்தது. பிறகு பலரின் நன்கொடையால் பெருகி, 1959இல் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. புத்தகங்களும் ஓலைச்சுவடிகளுமாக ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் அங்கே சேர்ந்திருந்தபோது, 1981இல் எரிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு துளித்துளியாகச் சேர்ந்தது ஒரே இரவில் சாம்பலாயிற்று. சேர்ப்பதற்கு எவ்வளவு காலம் வேண்டும், அழிக்க எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. ஆனாலும் மறுபடி புத்தகங்கள் வந்தன. தெற்கிலும் வெளிநாடுகளிலும் இருந்து சனங்கள் ஒன்றிரண்டாக அனுப்பியவையும் அவற்றில் உண்டு. இன்று அங்கே போய் வாசிக்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எரிந்த சுவடிகள் மட்டும் திரும்பவில்லை. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை.

துளி எப்போதும் நல்லதாகவே இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. எங்கள் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் நன்றாக விளைய வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் என்ன என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பயிர் எடுக்காத மிச்சம் மழையோடு சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி வெட்டுவதும் அந்தக் கணக்கில் சேரும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு முக்கியமாகக் கேடு. மயிலிறகாக இருந்தாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததும் இதைத்தான். கடனும் அப்படித்தான் வளர்கிறது. கடையில் கொப்பியில் எழுதி வாங்கும் சின்னத் தொகைகள் மாதக்கடைசியில்தான் முகத்தைக் காட்டும்.

சோதனைக்குப் படிப்பதில் இந்தப் பழமொழியை ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தினமும் பத்துச் சொல் எழுதிப் பழகினால் ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் எழுதிய கொப்பியைத் திரும்பப் பார்க்காத பிள்ளைக்கு அந்த மூவாயிரமும் மழைநீர் கடலுக்குப் போன மாதிரிதான்.

ஆகவே சேர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துளியை அல்ல, அது தங்கும் இடத்தை. எங்கள் பாடசாலையிலேயே இதைச் செய்து காட்டலாம். மண்டபத்துக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒவ்வொரு மாரியிலும் வாய்க்கால் வழியே வீதிக்குப் போகிறது. கிணறு இருப்பது மண்டபத்துக்கு மிக அருகில். பீலி மாட்ட ஆள்கூலியும், பழைய மாணவர் சங்கத்தின் ஒரு சிறு உதவியும் போதும். மணலும் சல்லியும் போட்ட ஒரு வடிகட்டிக் குழியை நாங்களே வெட்டிவிடுவோம். முதல் மழைத் தண்ணீரில் கூரை அழுக்கும் காகத்தின் எச்சமும் வரும் என்பதால் அதை மட்டும் வெளியே விட வேண்டும். ஐப்பசி வருவதற்கு முன் முடித்தால் இந்த மாரியிலேயே கிணற்றில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கலாம். விஞ்ஞான ஆசிரியரிடம் உப்பின் அளவைப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை அளந்து கொப்பியில் குறித்து வைக்கும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்கும்.