பூஜ்யத்துக்குக் கீழே

இரவு இரண்டு மணி. பம்ப் உறுமி அதிர்ந்தது.

"பேரிங் போயிருக்கும் மேடம்," என்றார் ஆபரேட்டர்.

பேரிங் உறையைத் தொட்டாள் பொறியாளர். சூடில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியை கேசிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தாள். உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல் கரகரப்பு. உறிஞ்சும் பக்கத்து அழுத்தமானி முள் பூஜ்யத்துக்குக் கீழே. தண்ணீர் போதவில்லை! அழுத்தம் அவ்வளவு இறங்கினால் தண்ணீர் சூடேறாமலே கொதித்துக் குமிழியாகும். குமிழிகள் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் மேல் உடைந்து உலோகத்தையே அரிக்கும்.

டார்ச்சோடு குழாய் வழியே நடந்தாள். டேங்க் அடியில் சக்‌ஷன் வால்வின் தண்டு பாதிதான் வெளியே தெரிந்தது. பகலில் ஸ்ட்ரெய்னர் கழுவியவர்கள் முழுதாகத் திறக்கவில்லை.

சக்கரத்தை முழுக்கத் திறந்தாள். முள் ஏறியது, அதிர்வு அடங்கியது.

"லாக் புக்ல எழுதிடுங்கண்ணே. இம்பெல்லரை நாளைக்கே கழற்றிப் பார்க்கணும்."