மயில் கழுத்து நிறம்

ஓய்வு பெற்ற பிறகு சரஸ்வதி டீச்சர் பட்டு எடுக்கவே இல்லை. பேரன் கல்யாணத்துக்கு எடுத்தே ஆக வேண்டும். பேத்தி கடையின் செயலியில் டீச்சரின் போட்டோவை ஏற்றினாள். மயில் கழுத்து நிறம், அரக்கு பார்டர். திரையில் டீச்சரே அதை உடுத்தி நின்றார்.

"பாட்டி, அசத்தலா இருக்கீங்க!"

"நிறம் எடுப்பாத்தான் இருக்கு. முந்தியை ஏன் வலது தோள்ல போட்டிருக்கு?"

பெரிதாக்கிப் பார்த்தார். புடவையின் உடலும் பார்டரும் சேரும் இடம் மங்கலாக இருந்தது. கோர்வைப் புடவையின் அழகே அந்த இணைப்புதான். எடையும் படத்தில் தெரியாது.

"நிறம் முடிவாயிடுச்சு. நாளைக்குக் காஞ்சிபுரம் பஸ் ஏறிடுவோம். சில்க் மார்க் பார்த்து, தொட்டுப் பார்த்து வாங்கலாம்."

"ஆன்லைன்ல தள்ளுபடி உண்டு பாட்டி."

"அதையும் கடையில கேட்டுடறேன்."