முப்பதுக்கு இருபத்திரண்டு

முதல் தேதி வாங்கிய 30 பிரஷர் மாத்திரை பதினேழாம் தேதியே தீர்ந்திருந்தது. மூன்று அட்டையையும் திருப்பித் திருப்பி எண்ணினேன், எல்லாம் காலி. அம்மா காலையில் ஒன்று போடுகிறாள்; போட்டது மறந்து இன்னொன்று போடுகிறாள். கணுக்கால் வீங்கியதும், எழும்போது சுவரைப் பிடித்ததும் அதனால்தான். நான் இரண்டு வாரமாகப் புதுச் செருப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுதான்ட்டி போட்டேன்" என்றாள். பொய் சொல்லும் முகம் இல்லை அது.

பாளையங்கோட்டையில் 32 வருஷம் கணக்கு டீச்சர். இப்போது வயது 71. 1986-ல் அவளிடம் படித்த பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் அட்டென்டன்ஸை இன்றும் வரிசை மாறாமல் சொல்வாள். "இவ்வளவு ஞாபகம் இருக்கு, அவளுக்கு என்ன நோக்காடு?" என்று அத்தை கேட்டாள். ஆனால் கேஸ் புக் பண்ணியாச்சா என்று அன்று காலையில் மட்டும் அம்மா ஏழு தடவை கேட்டிருந்தாள்.

நரம்பு டாக்டர் மூன்று சொல் சொன்னார்: மாம்பழம், நாற்காலி, ரூபாய். அம்மா உடனே திருப்பிச் சொன்னாள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65. அவர் பேனாவைத் திறப்பதற்குள் முடித்துவிட்டு, "மேல போகணுமா?" என்றாள்.

"இப்ப அந்த மூணு சொல் என்ன, டீச்சர்?"

"எந்த மூணு?"

"ஒண்ணு பழம்."

"நீங்க எங்க பழம் சொன்னீங்க?"

வருஷம் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலையும் அவர் குறித்துக்கொண்டார். மாதம், தேதி, கிழமையும் வரவில்லை. கடைசியில், ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொன்னார். காம்பஸே இல்லாமல் போர்டில் வட்டம் போடுகிறவள், இரண்டையும் தனித்தனியாக வரைந்து வைத்தாள்.

தாளை வாங்கிப் பார்த்தாள். "முப்பதுக்கு இருபத்திரண்டா? யார் பேப்பர் இது? படத்துக்கு அரை மார்க்காவது போட்டிருக்கலாம்."

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "மனச்சோர்வுல வர்ற மறதின்னா, கொஞ்சம் எடுத்துக்கொடுத்தாப் பெரும்பாலும் வந்துடும். இவங்களுக்கு எடுத்துக்கொடுத்தும் வரலை. உள்ளே பதியவே இல்லை. பழசெல்லாம் எப்பவோ பதிஞ்சது, அதனால நிக்குது. படிச்சவங்க வேற, 22-ங்கிறது இவங்களுக்குக் குறைச்சல்தான்."

சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க முதலில் ரத்தப் பரிசோதனை. பி12, தைராய்டு இரண்டும் சரியாக இருந்தன. எம்.ஆர்.ஐ.யில், மூளையில் புது ஞாபகத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தது. அல்சைமர் என்றார். நாடித் துடிப்பை மந்தமாக்கும் மருந்து என்பதால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டோனெப்பசில் 5 மி.கி. இரவில் கொடுக்கச் சொன்னார். இது நோயை நிறுத்தாது, கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் என்பதையும் மறைக்கவில்லை.

முதல் வாரம் குமட்டல். மூன்றாவது வாரம் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "பின் பெஞ்சு, என்ன சத்தம்?" என்று அதட்டினாள். கனவு. மாத்திரையைக் காலைக்கு மாற்றியதும் அந்த வகுப்பு கலைந்தது. ஆறாவது வாரத்தில் 10 மி.கி. ஆக்கினார்கள்.

கிழமை போட்ட மாத்திரை டப்பா எங்களுக்கு உதவவில்லை. இன்று செவ்வாய் என்று தெரிந்தால்தானே செவ்வாய்க் குழியைத் திறப்பாள்? அது காலியாக இருப்பதைப் பார்த்துப் புதன் குழியையும் தின்றுவிட்டாள். இப்போது எல்லாம் பூட்டிய பெட்டியில். நான் கையில் கொடுத்து, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நிற்கிறேன். பிறகு கூடத்துப் போர்டில் அவள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். நான் எழுதினால் நம்ப மாட்டாள். 'ஏற்கெனவே சொன்னேனே' என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அந்தச் சொல் அவள் முகத்தை அறைவதுபோல இருந்தது; எதற்கு அறை விழுந்தது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

இன்று காலை மாத்திரை போட்டுவிட்டு, 'மாத்திரை போட்டாச்சு, 8.00' என்று எழுதினாள். அவளுடைய எட்டு தனி ரகம். இழுத்து முறுக்க மாட்டாள். வட்டத்தின் மேல் வட்டம் வைப்பாள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அரை மணி நேரம் கழித்துப் போர்டு முன்னால் நின்றாள்.

"இது யாருட்டி எழுதினது?"

"ஏம்மா?"

"எட்டைப் பாரு. நம்மகிட்டப் படிச்ச பிள்ளையாத்தான் இருக்கும்" என்று ஓரத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்றாள்.

"பண்ணியாச்சும்மா" என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.