2ஆம் வாசல் நெரிசல்: விழாக் குழுவின் அறிக்கை

அனுப்புநர்: செயலாளர், பொங்கல் விழாக் குழு
பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், சட்டம் ஒழுங்கு
நகல்: வட்டாட்சியர் அவர்கள்
நாள்: 19.01.2026

பொருள்: 17.01.2026, காணும் பொங்கல் இரவு, இன்னிசை நிகழ்ச்சியின்போது ஏற்பட்ட நெரிசல் பற்றி.

ஐயா,

உயிரிழப்பு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மயக்கமும் காயமும் அடைந்தவர்கள் 14 பேர். அவர்களில் 5 பேர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்த 52 வயதுப் பெண் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் மறுநாள் காலைக்குள் வீடு திரும்பிவிட்டார்கள்.

நமக்கு அனுமதி 8,000 பேருக்கு. திடலுக்கு நான்கு வாசல்கள். 1ஆம் வாசல் கலைஞர்களுக்கும் வண்டிகளுக்கும், 2ஆம் வாசல் (மேற்கு, 4 மீட்டர் அகலம்) பொதுமக்களுக்கு, 3ஆம் வாசல் குடும்பத்துடன் வருவோருக்கு, 4ஆம் வாசல் அவசரத்துக்கு. பேருந்து நிறுத்தம் மேற்கில் இருப்பதால் 3ஆம் வாசலுக்குப் போகவேண்டியவர்களும் 2ஆம் வாசலிலேயே வந்து நின்றார்கள். அதை நாங்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

மாலை 6.58-க்குப் பாஸ் இல்லாமல் வந்த சில இளைஞர்களுக்கும் எங்கள் தொண்டர்களுக்கும் 2ஆம் வாசலில் வாக்குவாதம். சோதனை செய்ய வசதியாக இருக்கும் என்று தொண்டர்கள் வலதுபக்கக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதுவரை ஆறு பேர் சோதித்து நிமிடத்துக்குச் சுமார் 60 பேர் உள்ளே போய்க்கொண்டிருந்த இடத்தில் 30 பேர்தான் போக முடிந்தது. வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கதவை மட்டும் யாரும் திறக்கவில்லை. வாக்கி டாக்கியிலும் சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த எனக்கே தெரியாது.

வாசலுக்கு வெளியே தடுப்புக் கட்டிய பாதை 8 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். 7.10-க்கான கேமராப் பதிவைப் பார்த்து எண்ணினால் அந்த 200 சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,200 பேர், அதாவது சதுர மீட்டருக்கு ஆறு பேர். ஐந்தைத் தாண்டினாலே ஆபத்து. அதற்குப் பிறகு யாரும் அவரவர் விருப்பத்துக்கு அசைய முடியாது. ஒரு பக்கம் தள்ளினால் அலை மாதிரி மறுபக்கம் வரை போகும். நெஞ்சு நசுங்கி, விழாமலேயே நின்றபடி மூச்சுத் திணறுவார்கள். 7.12-க்குச் சிறப்புப் பாடகர் மேடையேறினார். கைதட்டல் வெளியே கேட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னேறினார்கள். முன்னால் பாதிக் கதவு மூடியிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

7.14-க்கு வாசல் தொண்டர் ஒருவர் "ஆள் விழுந்துட்டாங்க" என்று தகவல் கொடுத்தார். 7.15-க்குச் சோதனையை நிறுத்தி இரண்டு கதவுகளையும் திறக்கச் சொன்னேன். வலது கதவு உள்பக்கமாகத் திறப்பது என்பதால் சிரமமில்லை. வெளிப்பக்கம் திறப்பதாக இருந்திருந்தால் கூட்டத்தை மீறித் திறந்திருக்க முடியாது. 7.17-க்குப் பாட்டு நிறுத்தப்பட்டது. பாடகரே மைக்கில், பதற்றமில்லாமல், வெளியே நிற்பவர்கள் பத்தடி பின்னால் போகும்படி கேட்டுக்கொண்டார். தங்கள் காவலர்களும் சாலைப் பக்கமிருந்து ஜீப் ஒலிபெருக்கியில் அதையே சொன்னார்கள். நெரிசல் தளர்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். கூடவே பாதையின் இடதுபுறத் தடுப்புகளை அவிழ்த்துப் பக்கவாட்டில் ஆட்களை வெளியேற்றினோம்.

4ஆம் வாசலைச் சொல்லாமல் விடக்கூடாது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். 7.19-க்குச் சுத்தியலால் பூட்டை உடைத்தோம். அவசர வாசலுக்குப் பூட்டு போட்டது எங்கள் தவறு, வேறு யாருடையதும் அல்ல.

7.24-க்கு நெரிசல் அடங்கியது. முதலுதவிக் குழு எட்டுப் பேரை 3ஆம் வாசல் பந்தலுக்குத் தூக்கிச் சென்றது. 7.31-க்கு முதல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிரிந்துபோன இரண்டு குழந்தைகளை 7.40-க்குள் பெற்றோரிடம் ஒப்படைத்தோம்.

நிகழ்ச்சியை ஏன் ரத்து செய்யவில்லை என்று கேட்கிறார்கள். அப்போது உள்ளே சுமார் 7,400 பேர். ரத்து என்று அறிவித்திருந்தால் அத்தனை பேரும் அதே மேற்குச் சாலைக்குத்தான் வந்திருப்பார்கள். அதனால் தங்களிடம் கலந்துபேசி, புதிதாக யாரையும் அனுமதிக்காமல், 7.55-க்குத் தொடர்ந்தோம். முடிந்ததும் நான்கு வாசல்களையும் திறந்து பகுதி பகுதியாக அனுப்பினோம். 10.35-க்குத் திடல் காலியானது.

காரணம் என்ற இடத்தில் 'பொதுமக்களின் ஒழுங்கின்மை' என்று எழுதலாம் எனக் குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. பதிவில் யாரும் வேண்டுமென்று தள்ளியதாகத் தெரியவில்லை. தகவல் தராமல் பாதிக் கதவை மூடியதும் வரிசையின் கடைசியில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லாததும்தான் காரணம். அடுத்த மாதக் கோயில் விழாவுக்கு வரிசைக் கடைசியில் வாக்கி டாக்கியுடன் இருவர் இருப்பார்கள். என்னைக் கேட்காமல் கதவை மூடக் கூடாது. 4ஆம் வாசலில் பூட்டுக்குப் பதில் ஆள். வெளியே ஒரு எல்இடி திரையும் வைக்கிறோம்; செலவு அதிகம்தான், சரி.

கேமராப் பதிவின் நகலும் தொண்டர்கள் மூவரின் வாக்குமூலமும் இணைத்திருக்கிறேன். வாசலில் கிடந்த சுமார் 60 ஜோடிச் செருப்புகள், 4 கைபேசிகள், ஒரு மூக்குக் கண்ணாடி ஆகியவை குழு அலுவலகத்தில் உள்ளன. கைபேசிகளை மட்டும் தங்கள் நிலையத்தில் ஒப்படைக்க நாளை காலை ஆள் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர், பொங்கல் விழாக் குழு