தரவரிசையில் இல்லாதவர்களுக்கு: பட்டமளிப்பு விழாவில் கல்லூரி முதல்வர் உரை

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, துறைத்தலைவர்களே, பேராசிரியப் பெருமக்களே, விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, வேலூர் வெயிலில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு 'இவர் எப்போது முடிப்பார்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடித்தவர்களுக்குச் சற்றுமுன் பதக்கம் அணிவித்தோம். அரங்கமே அதிர்ந்தது. அதிரத்தான் வேண்டும், அது அவர்கள் உழைப்பு. அவர்களைப் பற்றிச் செயலர் நிறைவாகவே பேசிவிட்டார். எனக்குக் கொடுத்த நேரத்தை நான் மற்றவர்களுக்காக எடுத்துக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு சதவீதம் வாங்கியவர்கள், கடைசி அரியரை முடித்துவிட்டு இப்போதுதான் மூச்சு விட்டவர்கள், தன் பெயரைக் கூப்பிட்டால் கைதட்ட ஆள் இருக்கிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களுக்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் தோற்று, பிறகு கோடீஸ்வரர் ஆனவர்களின் கதை எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. 'நீ ஒருநாள் பெரிய ஆளாகு, அப்போது உன்னை மதிக்கிறேன்' என்றுதான் அவை சொல்கின்றன. அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? மூன்று வருடமாக நீங்கள் இங்கே என்னவெல்லாம் செய்தீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்கான மரியாதையை இன்றைக்கே கொடுத்துவிடலாம். பெயர்களைச் சொல்லமாட்டேன். யார் என்று அந்தந்த வகுப்புக்குத் தெரியும்.

உங்களில் ஒருவர் ராத்திரியில் சி.எம்.சி. பக்கத்தில் ஒரு லாட்ஜில் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவார். முதல் பீரியடில் கண் சொருகும். அதற்காக என் அறைக்கே அனுப்பப்பட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அரியர் வைத்தவர். ஒருமுறை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ரத்ததானத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கொல்கத்தாப் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்திருந்த ஒரு பெரியவர், கையில் ஒரு கட்டு ரசீதோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாராம். எந்தக் கவுன்டருக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பேசுவது நம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எண்பது சதவீதம் வாங்குகிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நம் அரியர்க்காரர் முன்னால் போய் வங்காளத்தில் பேச ஆரம்பித்திருக்கிறார். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது ரத்தப் பரிசோதனைக்கு, இது ஸ்கேனுக்கு, இதைத் தொலைத்துவிடாதீர்கள் என்று சொல்லி, மீன் குழம்புச் சாப்பாடு எங்கே மலிவு என்பதுவரைக்கும் விளக்கிவிட்டு வந்தாராம். கூடப் போயிருந்த பேராசிரியர் இதை என்னிடம் சொன்னபோது எனக்கு ஔவையாரின் தனிப்பாடல்தான் நினைவுக்கு வந்தது.

"வான்குருவி யின்கூடு வல்லரக்குத் தொல்கரையான்
தேன்சிலம்பி யாவர்க்கும் செய்யரிதால் - யாம்பெரிதும்
வல்லோமே என்று வலிமைசொல வேண்டாங்காண்
எல்லார்க்கும் ஒவ்வொன் றெளிது."

தூக்கணாங்குருவி கட்டுகிற கூட்டை நாம் கட்ட முடியாது, சிலந்தி பின்னுகிற வலையைப் பின்ன முடியாது. லாட்ஜ் கவுன்டரில் கற்ற அந்த வங்காளத்துக்கு எங்கள் வினாத்தாளில் இடமில்லை. அது வினாத்தாளின் குறை.

இன்னொருவர் பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சேர்க்கையின்போது 'சுலபமான பாடமாக எடுத்துக்கொள்ளம்மா' என்று இங்கேயே ஒருவர் சொன்னார். 'கணக்குதான் வேணும் சார்' என்றார் அவர். ரியல் அனாலிசிஸ் அவரை இரண்டு முறை கீழே தள்ளியது. மூன்றாவது முறை பாஸ். மதிப்பெண் பட்டியலில் பார்த்தால் சாதாரண எண்தான். ஆனால் நீங்கள் வாங்கும் பட்டம் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பட்டம். அந்த வள்ளுவரிடமே கேட்டுவிடுவோம்.

"கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது."

முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேல் கையில் இருப்பது இனிது என்கிறார். இந்தப் பெண்ணின் வேல் தவறக்கூட இல்லை. கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், இந்த மைக். காலையிலிருந்து ஒருமுறைகூடக் கீச்சிடவில்லை, கவனித்தீர்களா? அதோ தூணுக்குப் பக்கத்தில் அங்கியோடு நின்று ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் இன்று பட்டம் வாங்குகிறவர்தான். மூன்று வருடம் இந்தக் கல்லூரியின் எல்லா விழாவுக்கும் ஒயர் இழுத்தவர். 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து' என்று வள்ளுவர் சொன்னது இவரைப் போன்றவர்களைத்தான். தம்பி, உன் பெயரைக் கூப்பிடும்போதாவது அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வா.

மதிப்பெண்ணே வேண்டாம் என்று பேசுகிறேன் என நினைத்துவிடாதீர்கள், பேராசிரியர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். எம்.எஸ்சி. சேர்க்கையிலும் பி.எட். சேர்க்கையிலும் மதிப்பெண் பார்ப்பார்கள். அங்கே குறைவான மதிப்பெண் உங்களுக்குத் தடைதான், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் குரூப் 2 தேர்வு எழுத ஒரு பட்டம் இருந்தால் போதும், எத்தனை சதவீதம் என்று கேட்க மாட்டார்கள். அந்தப் பட்டம் இன்று உங்கள் கைக்கு வருகிறது. இன்னும் அரியர் வைத்திருப்பவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாமல் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். துறை அலுவலகத்தில் யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சொன்னால் என்னிடம் வாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றியும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் பார்த்தும் பீஸ் கட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் 'பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு' என்று ஆரம்பிக்காதீர்கள். மூதுரையில் ஔவையார் சொல்கிறார்:

"கடல்பெரிது
மண்ணீரும் ஆகா ததனருகே சிற்றூறல்
உண்ணீரும் ஆகி விடும்."

அவ்வளவு பெரிய கடல் குளிக்கக்கூட உதவாது, அதன் பக்கத்தில் தோண்டிய சின்ன ஊற்று குடிக்க உதவும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு குடம் நிரப்பிய பாட்டிமார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

தரவரிசைக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று உண்டு. கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டு முடிகிற இடத்தை யாரும் போஸ்டரில் போடுவதில்லை:

"பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே."

உங்களைப் பார்த்து வாய்பிளக்க வேண்டாம் என்று மற்றவர்களுக்கும், மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம் என்று உங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார். இரண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னார்.

வழக்கமாக மதிப்பெண் வரிசையில் மேடைக்கு அழைப்போம். கடைசி ஆள் வரும்போது பாதி அரங்கம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும். இந்த வருடம் வருகைப் பதிவேட்டு வரிசையில் அழைக்கிறோம். எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் சாப்பாட்டுக்கூடம் திறக்கும், சாவி என் பையில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டுங்கள், கை வலித்தாலும் பரவாயில்லை.

வேதியியல் துறை, முதல் வரிசை எழுந்து வாருங்கள்.