பாமினி கன்வெர்ட்டர் எங்க நிக்குதுன்னு ஒரு வரி சொல்றியா கதிர்

கதிர்,

சாப்டியா? நேத்து ராத்திரி டெமோவுக்காக நீயும் வினோத்தும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்கன்னு குரூப் பாத்து தெரிஞ்சுது, அதான் காலைலயே போன் அடிச்சு எழுப்ப வேண்டாம்னு டைப் பண்ணிட்டு இருக்கேன். மெசேஜ் நீளமாத்தான் போகும், ஆனா நீ போட வேண்டிய பதில் ஒரு வரி தான், மீதிய டீ குடிக்கறப்ப படிச்சுக்கோ.

விஷயம் இதுதான். பழைய இதழ்களை பாமினி ஃபான்ட்லேருந்து யூனிகோடுக்கு மாத்துற ஸ்கிரிப்ட் இப்ப எந்த அளவுல இருக்கு? வியாழக்கிழமை மதியத்துக்குள்ள தெரிஞ்சா போதும். முழுசா முடிஞ்சுதா இல்லையாங்கறது எனக்கு இப்ப அவ்ளோ முக்கியம் இல்ல, எந்த வருஷத்து இதழ் வரைக்கும் தைரியமா ஓட்டலாம், எது இன்னும் இழுத்துட்டு இருக்கு, அது மட்டும் வேணும்.

ஏன் வியாழன்னா, மெய்ப்பு பாக்கறவங்க மூணு பேரும் திங்கக்கிழமைலேருந்து ஆரம்பிக்கறதா பேச்சு. அவங்களுக்கு பக்கக் கணக்குல தான் காசு, பக்கம் வரலன்னா அந்த வாரம் வருமானம் இல்ல. பாளையங்கோட்டைல இருக்காங்கல்ல ரிட்டயர்டு தமிழ் டீச்சரம்மா, அவங்க நேத்து கூப்டு இன்னொரு பதிப்பகத்துலேருந்து ஒரு புத்தகம் வந்திருக்கு, அத எடுத்துக்கவா இல்ல நம்ம வேலைக்காக வேண்டாம்னு சொல்லிடவான்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்ககிட்ட சரியா சொல்லணும்ங்கறதுக்காகத்தான் உன்ன கேக்கறேன், வேற யாரும் உன்ன கேளுன்னு என்ன அனுப்பல. ஆசிரியர் சார் வழக்கம்போல வாரத்துக்கு ரெண்டு தடவ "வெப்சைட் எப்ப வரும்மா"ன்னு கேப்பாரு, அவர நான் பாத்துக்கறேன், அந்த டென்ஷன் உனக்கு வேண்டாம்.

போர்டுல கார்டு அப்படியே இருக்கறத பாத்து நான் எந்த முடிவுக்கும் வரல. இந்த வேலைல ஒரு வாரம் முழுக்க ஒரே எழுத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்தாலும் வெளில இருந்து பாக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது, "நடக்குது"ன்னு ஒரு கட்டம் தான் இருக்கு நம்ம போர்டுல, "ள படுத்துது"ன்னு ஒரு கட்டம் கிடையாது.

ள-ன்னு சொன்னேன்ல, நீ ஃபோல்டர்ல போட்டு வச்சிருந்த ரெண்டு சாம்பிள் இதழையும் உக்காந்து படிச்சேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. முக்கியமா அந்த ர் விஷயம், பாமினில அடிச்சவங்க எல்லாம் ர-வ தேடாம துணைக்காலையே போட்டு மேல புள்ளி வச்சு mth;fs; ன்னு அடிச்சு வச்சிருப்பாங்கல்ல, போன வருஷம் நெட்டுல இருக்கற ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு பாத்தப்ப "அவா்கள்"னு துணைக்கால் தலைல புள்ளியோட தான் வந்துச்சு, கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது, தேடுனா தான் சிக்காது. உன் அவுட்புட்ல நான் தேடிப் பாத்த வரைக்கும் ஒண்ணு கூட அப்படி இல்ல. இது மட்டும் இல்லன்னா டீச்சரம்மா பக்கத்துக்கு முப்பது இடத்துல இத மாத்திட்டு இருந்திருப்பாங்க.

ஒரே ஒரு இடத்துல தான் எனக்கு டவுட்டு, அதுவும் நீ ஏற்கனவே அதுல தான் நிக்கறியோன்னு ஒரு யூகம். ரெண்டாவது சாம்பிள்ல வர்ற சிறுகதைல ஒருத்தன் "சீக்கிரம் கௌம்பு"ங்கறான். அதே இதழ்ல கட்டுரைல "கௌரவம்" அழகா சரியா வந்திருக்கு. மூலத்த தொறந்து பாத்தா இப்படி இருக்கு:

```
nfsutk;
nfsk;G
```

ரெண்டுக்கும் தொடக்கம் ஒண்ணே தான். ஔகாரத்துக்குன்னு பாமினில தனியா ஒரு குறி இல்லாம ள-வையே வச்சு ஓட்டிட்டதால, இது கௌ-வா கெள-வான்னு எழுத்த மட்டும் பாத்து மெஷினுக்கு தெரியவே தெரியாது. வெள்ளம், வெளி மாதிரி ள-வுக்கு அப்புறம் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தா அது ள தான்னு தெரிஞ்சிரும், அதுல பிரச்சனை இல்ல (யாழ்ப்பாணத்துலேருந்து வந்த கதைகள்ல "வெளிக்கிடு" நிறைய வருது, அது தப்பிச்சிருச்சு). வெறும் ள-வா நிக்கறப்ப தான் சிக்கல். கட்டுரைல அப்படி வந்தா பெரும்பாலும் மௌனம், சௌகரியம், பௌர்ணமின்னு ஔகாரமா தான் இருக்கும், ஆனா கதைல ஆளுங்க பேச ஆரம்பிச்சா கெளம்பு, வெளக்கு, வெளயாட்டுன்னு வந்து நிக்கும். நம்ம இதழ்ல வட்டார வழக்கு கதை எவ்ளோன்னு உனக்கே தெரியும்.

இதனால தான் தாமதம்னா அது நியாயமான தாமதம், அத நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா இத முழுக்க கோடுலயே தீர்க்கணுமாங்கறது தான் என் கேள்வி. வெறும் ள வர்ற வார்த்தை எல்லாத்தையும் ஸ்கிரிப்ட் ஒரு லிஸ்டா துப்பிட்டா, எது ஔகாரம் எது பேச்சு வழக்குன்னு நான் ஒரு சாயங்காலத்துல உக்காந்து டிக் பண்ணி தந்துருவேன். சொல் லிஸ்ட் பாக்கறது எனக்கு பிடிச்ச வேலை, அத உன் தலைல ஏத்திக்காத. இல்ல நீ வேற வழி யோசிச்சிருந்தா அதுவும் ஓகே, உன் ஸ்கிரிப்ட், நீ சொல்றது தான்.

அப்புறம் இன்னொண்ணு, அவசரமே இல்ல, ஞாபகத்துக்கு மட்டும். கொ, கோ எல்லாம் கொம்பு ஒரு குறியீடும் கால் ஒரு குறியீடுமா ரெண்டா பிரிஞ்சு நின்னா பாக்க ஒண்ணா தெரியும் ஆனா தேடல்ல மாட்டாம போகும்ல, கடைசில ஒரு தடவ இத போட்டா சேர்ந்துரும்னு நீ தான் எனக்கு சொன்ன:

```
text = unicodedata.normalize("NFC", text)
```

இத போட்டிருப்பன்னு நினைக்கறேன். ஆனா ஸ்ரீ-ய இது சரி பண்ணாதுன்னு பட்டுது, ஏன்னா ஸ-வ வச்சு எழுதுனதும் ஶ-வ வச்சு எழுதுனதும் யூனிகோடு கணக்குல வேற வேற, ஶ-வையே 2005-ல தான் சேத்தாங்க. ஆசிரியர் பேர் அட்டவணைல ஸ்ரீ-ல ஆரம்பிக்கற ஆளுங்க கொஞ்சம் பேர் இருக்காங்க, அது நான் கையாலயே பாத்து ஒரே மாதிரி ஆக்கிக்கறேன், நீ விட்டுரு.

சரி, திங்கக்கிழமைக்கு வர்றேன். 1998-லேருந்து 2006 வரைக்கும் எல்லாம் ஒரே நாள்ல வேணும்னு எந்த கட்டாயமும் இல்ல. கட்டுரை, நேர்காணல், புத்தக மதிப்புரை இதெல்லாம் தனியா, கதை தனியான்னு பிரிச்சு, கட்டுரை மட்டும் மொதல்ல மூணு வருஷத்துக்கு கிடைச்சா கூட மூணு பேருக்கும் ரெண்டு வாரம் வேலை ஓடிரும், அதுக்குள்ள கதைங்க மெதுவா வரட்டும். கட்டுரைலயும் நடுவுல இங்கிலீஷ் வர்ற இடம் கோணலா தான் இருக்கும், சாம்பிள்ல ஒரு இடத்துல "ஊனு"ன்னு இருந்துச்சு, மூலத்துல CD, இத படிச்சுட்டு கொஞ்ச நேரம் தனியா சிரிச்சிட்டு இருந்தேன். அத எல்லாம் மெய்ப்புலயே பிடிச்சிருவாங்க, அதுக்காக நிறுத்தி வைக்காத.

இன்னொரு பக்கமும் இருக்கு. டெமோ வேலைதான் இப்ப முழு நேரமும் எடுக்குது, ஸ்கிரிப்ட்ட தொடவே முடியலன்னா, அதையே அப்படியே சொல்லு. அதுவும் ஸ்டேட்டஸ் தான். ரெண்டு ப்ராஜெக்ட்டையும் ஒரே ஆள் தலைல வச்சது நீ இல்ல. நீ சொன்னேன்னா நான் சங்கீதா மேடம்கிட்ட பேசி அடுத்த வாரம் ரெண்டு நாள் உனக்கு இதுக்குன்னே ஒதுக்கித் தர முடியுமான்னு கேக்கறேன், முடியாதுன்னா திங்கக்கிழமை ஆரம்பத்த தள்ளி வச்சுட்டு டீச்சரம்மாவ அந்த புத்தகத்த எடுத்துக்க சொல்லிருவேன், யாருக்கும் நஷ்டம் இல்ல. எனக்கு தெரியாம இருந்தா தான் ரெண்டும் பண்ண முடியாது. மேடம்கிட்ட பேசறதுக்கு முன்னாடி என்ன சொல்லப் போறேன்னு உன்கிட்ட காட்டிட்டு தான் பேசுவேன், உன் பேர வச்சு எதுவும் பின்னாடி போகாது.

பதில் எப்படி வேணா இருக்கட்டும். "2000 வரைக்கும் கட்டுரை ரெடி, கதை தெரியல" அப்படின்னா போதும். "ள-ல நிக்குது, லிஸ்ட் அனுப்பறேன்"னாலும் போதும். "தொடல, அடுத்த வாரம்"னாலும் எனக்கு அது பிரயோஜனம் தான். டைப் பண்ண சோம்பலா இருந்தா வாய்ஸ் நோட் போடு, நான் வியாழக்கிழமை பதினோரு மணிலேருந்து அச்சகத்துல இருப்பேன், மெஷின் சத்தத்துல கால் எடுத்தா ஒண்ணும் கேக்காது, வாய்ஸ் நோட்டுன்னா வெளில வந்து கேட்டுக்குவேன். பாதி முடிஞ்ச ஸ்கிரிப்ட்டா இருந்தாலும் ஃபோல்டர்ல போடறதுன்னா போடு, கிளீன் பண்ணிட்டு தான் போடணும்னு இல்ல, நான் ஓட்டி மட்டும் பாப்பேன், உள்ள கை வைக்க மாட்டேன்.

வினோத் கிட்டயும் சொல்லிரு, டெமோ நல்லா போகட்டும்.

மலர்