சுரங்கப்பாதைகளிலும் நீண்ட பாலங்களிலும் வண்டி ஓட்டுவதற்கான விதிகள்

நமது சரக்கு வண்டிகளையும் பயணிகள் வேன்களையும் ஓட்டும் அனைவரும் இவ்விதிகளைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். சாலையோரப் பலகையோ, மின்னறிவிப்போ, பணியாளரோ இதைவிடக் கடுமையான கட்டளை தந்தால் அதற்கே கீழ்ப்படிய வேண்டும்.

புறப்படும் முன் எரிபொருள், டயர்க் காற்று, பிரேக், முன்பின் விளக்குகள், தீயணைப்பான் ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரக்கோடு சேர்த்து வண்டியின் உயரத்தையும், தீப்பற்றக்கூடிய சரக்கை அந்தச் சுரங்கத்தில் அனுமதிக்கிறார்களா என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் சூடேறியிருந்தால் சுரங்கத்துக்கு வெளியே, அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்தி ஆறவிட்ட பிறகே உள்ளே செல்லலாம்.

பகல் வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழையும்போது கண் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். ஆகவே வாயிலுக்கு முன்பே குளிர்கண்ணாடியைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, டிம் லைட்டைப் போட்டுவிடுங்கள். உள்ளே எவ்வளவு விளக்குகள் எரிந்தாலும் முகப்பு விளக்கை அணைக்கக் கூடாது. நீங்கள் பார்ப்பதற்காக மட்டுமன்றி, பிறர் உங்களைப் பார்ப்பதற்காகவும் அது எரிய வேண்டும். ஹை பீம் கூடாது. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கையில் ஹசார்டு விளக்கைப் போட்டுச் செல்வதும் தவறு, ஏனெனில் அது நின்றுபோன வண்டிக்கும் முன்னே ஆபத்து இருப்பதற்கும் உரிய அடையாளம்.

பலகையில் உள்ள வேகத்தைத் தாண்டக் கூடாது. காரணமின்றி மிக மெதுவாகவும் ஊரக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்ந்துவிடுகிறது என்பதால், அந்த வேகத்தில் வேன்கள் முன்வண்டிக்கு 50 மீட்டருக்குக் குறையாமலும், சுமையேற்றிய லாரிகள் 100 மீட்டருக்குக் குறையாமலும் இடைவெளி விட வேண்டும். தடத்தை நுழையும் முன்பே தேர்ந்துகொண்டு, வெளியேறும் வரை அதிலேயே செல்லுங்கள். எதிரெதிராக வண்டிகள் ஓடும் சுரங்கத்தில் முந்துவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி இல்லை. தடத்துக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்தத் தடம் மூடப்பட்டுள்ளது என்று பொருள்.

வண்டி பழுதானால், முடிந்தவரை வெளியே வரை, இல்லையேல் அடுத்த ஒதுக்கிடம் வரையாவது ஓட்டிச் செல்லப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஓரமாக நிறுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, பயணிகளைப் பாதுகாப்பாக இறக்கி, சுவரிலுள்ள அவசரத் தொலைபேசியில் பேசுங்கள். கைபேசியைவிட அதுவே நல்லது, நீங்கள் நிற்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரிந்துவிடும். திரும்புவதோ பின்னோக்கி ஓட்டுவதோ கூடாது.

தீயைப் பற்றிய விதியை ஒருவரும் மேலோட்டமாகப் படிக்க வேண்டாம். 1999 மார்ச் 24 அன்று பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கத்தில், மாவும் மார்கரினும் ஏற்றிச் சென்ற லாரி ஒன்று தீப்பிடித்து 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்தார்கள். அபாயகரமானது என்று நாம் நினைக்காத சரக்கும் அவ்வளவு கடுமையாக எரியும் என்பதையும், தீயைவிடப் புகையே விரைவில் எட்டிவிடும் என்பதையும் அந்த விபத்து காட்டியது. எனவே புகையைக் கண்டவுடன் இடைவெளி விட்டு நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டு, கதவைப் பூட்டாமல் இறங்கிவிடுங்கள். சரக்கையும் பையையும் எண்ணித் தயங்க வேண்டாம். எந்தச் சரக்கின் இழப்புக்கும் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்கப்படாது. தொடக்க நிலைத் தீயானால் மட்டுமே தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். இல்லையெனில் பச்சை அம்புக்குறி காட்டும் அவசர வழியை நோக்கி, புகையிலிருந்து விலகி, குனிந்தபடி நடக்க வேண்டும். வெளியே வந்த பின் எதற்காகவும் மீண்டும் உள்ளே போகக் கூடாது.

நீண்ட பாலங்களில் முதல் பகை குறுக்குக் காற்று. பாலத்தின் கோபுரத்தைக் கடக்கும்போது காற்று சட்டென மறைந்து, அடுத்த கணமே முழு வேகத்துடன் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, தடத்தின் நடுவில் செல்லுங்கள். சரக்கு இல்லாத உயரமான லாரியே காற்றில் எளிதில் கவிழும். ஆகவே காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் காலி கண்டெய்னர் வண்டிகள் பாலத்துக்கு முன்பே காத்திருக்க வேண்டும். அருகில் இருசக்கர வாகனம் சென்றால், அது காற்றில் விலகக்கூடும் என்று கருதி வழக்கத்தைவிட அதிக இடம் விடுங்கள். குளிர்ப் பகுதிகளில் பாலத்தின் தளம் மேலும் கீழும் குளிர்வதால், சாலை ஈரமாக மட்டுமே இருக்கும்போதும் பாலத்தில் பனி உறைந்திருக்கலாம். அங்கே திடீர் பிரேக் போடக் கூடாது.

படம் எடுக்கவோ, இளைப்பாறவோ, தொலைபேசி பேசவோ பாலத்தில் நிறுத்தக் கூடாது. பழுதால் நின்றுவிட்டால் ஹசார்டு விளக்கைப் போட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கும் நமது அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். பாதுகாப்பாக இறங்க வழியில்லாத இடத்தில் சீட் பெல்ட்டுடன் உள்ளேயே இருங்கள். தீயோ புகையோ இருந்தால் இது பொருந்தாது.